உமிழியா, டிரிப்பரா?

கேள்வி: கிருஷ்ணகிரி மா விவசாயிகளுக்காக, சொட்டுநீர்ப் பாசனம் பற்றிய ஆங்கில ஸ்லைடுகளைத் தமிழாக்குகிறேன். கலைச்சொல் போடவா, ஆங்கிலச் சொல்லையே விட்டுவிடவா?

விவசாயி கடையில் அந்தப் பொருளை என்ன சொல்லிக் கேட்கிறாரோ, அதைப் போடுங்கள்.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கூட்டத்துக்கு இதே வேலையைச் செய்தபோது, குழாயிலிருந்து தண்ணீரைச் சொட்டவிடும் சின்னப் பாகமான ‘எமிட்டர்’ என்பதை ‘உமிழி’ ஆக்கினேன். முன்வரிசைப் பெரியவர், “உமிழின்னா என்னங்க?” என்றார். பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினேன். “அட, டிரிப்பருங்களா!” என்று சிரித்தார். கவனியுங்கள், ஆங்கில ஸ்லைடில் இருந்த ‘எமிட்டரும்’ அவருக்குத் தெரியாது. அதனால் ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாலும் தப்பித்திருக்க மாட்டேன்.

வால்வு, ஃபில்டர் அப்படியே இருக்கட்டும். ஆனால் ‘சப்சிடி’ வேண்டாம். மானியம் எல்லோர் வாயிலும் இருக்கிறது. சொட்டுநீரும் ஒரு காலத்தில் புதுச்சொல்தான், இன்று ஊன்றிவிட்டது.

சிக்கல் ‘ஃபெர்டிகேஷன்’ மாதிரிச் சொற்களில்தான். அதுவும் புரியாது, ‘உரப்பாசனம்’ என்றாலும் பலர் விழிப்பார்கள். அங்கே முதல்முறை ‘உரத்தைத் தண்ணீரில் கரைத்துச் சொட்டுநீர்க் குழாய் வழியே விடுவது’ என்று விரித்து எழுதிவிட்டு, பக்கத்தில் உரப்பாசனம் என்று போடுங்கள். அப்புறம் கடைசிவரை அதே சொல்தான். நடுவில் மாற்றினால் வேறு ஏதோ என்று நினைப்பார்கள். இப்படி விரித்தால் வரி நீளும். எழுத்தைச் சிறிதாக்காமல் ஸ்லைடை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.