வெப்பமேற்றும் வரைபடம்: தட்டையான பகுதியில் mcΔT போட்டால் பூஜ்யம் வருகிறது

"200 கிராம் பனிக்கட்டி, 200 வாட் ஹீட்டர். 42-வது வினாடியிலிருந்து 376 வரை கோடு 0°C-இல் படுத்தே இருக்கிறது. ΔT பூஜ்யம், அப்போ வெப்பமும் பூஜ்யமா? பனிக்கட்டியின் கோடு செங்குத்தாக இருக்கிறதே, அதற்குத்தான் தன்வெப்ப ஏற்புத்திறன் அதிகமா?"

ஹீட்டர் அணையவில்லையே! அந்த 334 வினாடியிலும் வினாடிக்கு 200 ஜூல் உள்ளே போகிறது, மொத்தம் 66,800 ஜூல். அது மூலக்கூறுகளின் பிணைப்பைத் தளர்த்தவே செலவாவதால் வெப்பநிலை ஏறுவதில்லை. அங்கே mcΔT-ஐ விட்டுவிட்டு Q = mL போடுங்கள். 66,800-ஐ 0.2 கிலோவால் வகுத்தால் 3,34,000 J/kg. இதுதான் பனிக்கட்டி உருகலின் உள்ளுறை வெப்பம். தட்டைக்கோட்டின் நடுவில், அதாவது 209-வது வினாடியில், பாத்திரத்தில் 100 கிராம் பனிக்கட்டியும் 100 கிராம் தண்ணீரும் இருக்கும். தேர்வில் இதை அடிக்கடி கேட்பார்கள்.

சாய்வு விஷயத்தில் நீங்கள் நினைத்தது தலைகீழ். சாய்வு = P/(mc); இதில் P ஹீட்டரின் திறன், m நிறை, c தன்வெப்ப ஏற்புத்திறன். c கீழே இருப்பதால், செங்குத்தான கோடு என்றால் c குறைவு. உங்கள் பனிக்கட்டி -20-இலிருந்து 0 வரை ஏற 42 வினாடி எடுத்திருந்தால், வினாடிக்கு சுமார் 0.48 டிகிரி. தண்ணீர் 100 டிகிரி ஏற 420 வினாடி, அதாவது 0.24. சாய்வு பாதி, அதனால் c இரண்டு மடங்கு: பனிக்கட்டிக்கு 2100, தண்ணீருக்கு 4200 J/kg°C.

அப்புறம் ஒன்று: ஆய்வகத்தில் எடுத்த வரைபடமென்றால் 100 டிகிரியை நெருங்கும்போது கோடு லேசாக வளையும். சூடான பாத்திரம் அறைக்கு வெப்பத்தை இழப்பதுதான் காரணம். சாய்வைக் கோட்டின் கீழ்ப்பகுதியில் எடுங்கள்.