யோக் சாக் தெரிகிறது, துடிப்பு தெரியவில்லை: இந்த ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

கேள்வி: கடைசி பீரியட்ஸ் கணக்குப்படி 6 வாரம் 4 நாள். உள்வழி ஸ்கேன்ல பை 10 மி.மீ. இருக்கு, யோக் சாக் இருக்கு, ஆனா குழந்தையும் துடிப்பும் தெரியலைன்னு சொல்லிட்டாங்க. 11 நாள் கழிச்சு வரச் சொன்னாங்க. கரு கலைஞ்சிடுச்சா? இல்ல டியூப்ல இருக்கா? அதுவரைக்கும் எப்படி இருக்கிறது?

பதில்: ஸ்கேன் எடுப்பதுதான் என் வேலை. இந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற முகங்களைத் தினமும் பார்க்கிறேன்.

டியூப் பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடலாம். கருப்பைக்குள் இருக்கிற பையில் யோக் சாக் தெரிந்துவிட்டால் கரு கருப்பையில்தான் இருக்கிறது. கருப்பையில் ஒன்றும் டியூபில் ஒன்றுமாக இரண்டு கருக்கள் உருவாவது உண்டு, ஆனால் தானாகத் தரித்த கர்ப்பத்தில் அது மிக மிக அபூர்வம். ஐவிஎஃப் போன்ற சிகிச்சையில் தரித்திருந்தால் மட்டும் அதையும் மனதில் வைத்துப் பார்ப்போம். கலைந்துவிட்டதா என்ற கேள்விக்கு, இந்த ஒரு படத்தை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. உங்கள் டாக்டர் மழுப்பவில்லை. அந்த 11 நாளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது.

யோக் சாக்குக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று கேட்கலாம். ஸ்கேனில் முதலில் தெரிவது ஒரு கறுப்பு வட்டம், அதாவது நீர் நிரம்பிய பை. ரிப்போர்ட்டில் ஜெஸ்டேஷனல் சாக் என்று போட்டிருக்கும். கர்ப்பப்பை என்று தமிழில் சொன்னால் யூட்டரஸோடு குழம்பும் என்பதால் நான் சாக் என்றே சொல்கிறேன். நாள் கணக்கில் ஐந்தாவது வாரத்தை ஒட்டி அது தெரிய ஆரம்பிக்கும். ஐந்தரை வாரம் போல அதற்குள் மெல்லிய வெள்ளை விளிம்போடு, குட்டி வளையல் மாதிரி ஒரு வட்டம் வரும், அதுதான் யோக் சாக். ஆறாவது வாரத்தில் அந்த வளையத்தின் ஓரத்தில் சின்னத் தடிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். கல் வைத்த மோதிரம் போலத் தெரியும். அந்தக் கல்தான் கரு, துடிப்பு அதற்குள்தான் மினுக்கும்.

கறுப்பு வட்டம் மட்டும் இருந்தால் ஏமாந்துவிடலாம், நானே ஏமாந்திருக்கிறேன். பயிற்சியில் இருந்தபோது ஒருவருக்குக் கருப்பைக்குள் சின்ன நீர்த்தேக்கம் தெரிந்தது. 'கருப்பைக்குள் சாக் உள்ளது' என்று எழுதிவிட்டேன். சீனியர் வந்து படத்தைப் பார்த்தார். "யோக் சாக் பார்த்தியா?" என்றார். "இல்ல மேடம், சீக்கிரம்தானே..." என்று இழுத்தேன். "அப்ப சாக்னு எப்படி எழுதின? அது எங்க உட்கார்ந்திருக்கு பாரு" என்றார். உண்மையான சாக் கருப்பையின் உள்சுவர்த் தோலுக்குள் ஒரு பக்கமாகப் புதைந்திருக்கும். இதுவோ இரண்டு சுவர்களுக்கும் நட்டநடுவில், குழியின் வடிவத்துக்கே நீண்டு, ஒரு முனை கூராக இருந்தது. டியூபில் கரு இருக்கும்போதும் கருப்பையின் உள்தோல் தடித்து, குழியில் கொஞ்சம் ரத்தமோ நீரோ தேங்குவது உண்டு. பொய் சாக் என்போம்.

அந்த அம்மாவின் ரத்தத்தில் பீட்டா ஹெச்சிஜி என்கிற கர்ப்ப ஹார்மோன் அன்று 1400. 48 மணி நேரம் கழித்து 1750. நல்ல கர்ப்பத்தில் இது இரட்டிப்பாகியே தீர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. 1500-க்குக் கீழே தொடங்கினால் இரண்டு நாளில் குறைந்தது 49 சதவீதமாவது கூட வேண்டும் என்பதுதான் இப்போதைய கணக்கு. இவருக்குக் கூடியது 25 சதவீதம். கலைந்துகொண்டிருந்தால் இறங்க வேண்டும், வளர்ந்துகொண்டிருந்தால் ஏற வேண்டும். இது இரண்டிலும் சேராமல் நொண்டியது.

மறுபடி ஸ்கேன் செய்தபோது வலது சினைப்பைக்குப் பக்கத்தில் தடித்த விளிம்போடு ஒரு வளையம். சினைப்பையிலேயே, முட்டை வெளிவந்த இடத்தில், இதே மாதிரி வளையம் ஒன்று எல்லாக் கர்ப்பத்திலும் இருக்கும். எது எது என்று பிரிக்க ஒரு சின்ன வித்தை உண்டு. ஸ்கேன் கருவியால் மெதுவாக அழுத்திப் பார்ப்போம். சினைப்பையோடு சேர்ந்து நகர்ந்தால் சினைப்பையைச் சேர்ந்தது, சினைப்பையை விட்டு வழுக்கித் தனியாக நகர்ந்தால் டியூப். அன்று தனியாக நகர்ந்தது. டியூப் வெடிக்கவில்லை, வயிற்றுக்குள் ரத்தம் இல்லை, வளையத்துக்குள் துடிப்பும் இல்லை. அதனால் ஆபரேஷன் இல்லாமல், கரு வளர்வதை நிறுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போட்டு, 4-ம் நாளும் 7-ம் நாளும் ரத்தம் பார்த்து, அளவு இறங்குவதை உறுதி செய்துகொண்டார்கள். நான் முதலில் எழுதிய வரியை நம்பி அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால்? அதற்குப் பிறகு யோக் சாக்கைப் பார்க்காமல் கருப்பைக்குள் கர்ப்பம் உறுதி என்று நான் எழுதுவதே இல்லை. (யோக் சாக் தெரியாத சாக் எல்லாம் பொய் சாக் என்று இதை வைத்துப் பயப்பட வேண்டாம். உருண்டையாக, ஓரமாகப் புதைந்து, டியூப் பக்கம் எதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் சீக்கிரமாக வந்த நல்ல கர்ப்பம்தான்.)

சரி, உங்கள் கதைக்கு வருவோம். 6 வாரம் 4 நாள் என்றால் 46 நாள். ஆரம்ப சாக்குக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. மூன்று பக்கமும் அளந்த சராசரி மில்லிமீட்டரோடு 30-ஐக் கூட்டினால் கர்ப்பத்தின் வயது நாளில் வரும். உங்களுடைய 10 மி.மீ. சாக்குக்கு 40 நாள், அதாவது 5 வாரம் 5 நாள். அந்த வயதில் யோக் சாக் மட்டும் தெரிவது சரியான படம்தான். குழப்பம் காலண்டருக்கும் படத்துக்கும் இடையே இருக்கிற அந்த 6 நாளில் இருக்கிறது.

அந்த 6 நாள் எங்கே போயிருக்கும்? பீரியட்ஸ் கணக்கு, 14-ம் நாள் முட்டை வெளிவந்தது என்று எடுத்துக்கொள்கிறது. உங்களுக்கு 28 நாளில் வராமல் 34, 35 நாளில் பீரியட்ஸ் வருவது வழக்கமானால் முட்டை 20-ம் நாள் போல வந்திருக்கும், அந்த 6 நாள் அங்கேயே சரியாகிவிடும். உங்கள் மாதச் சுழற்சி எத்தனை நாள் என்று நீங்கள் எழுதவில்லை, டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சுழற்சி சரியாக 28 நாள்தான், முட்டை வந்த தேதியும் தெரியும் என்றால் இந்த இடைவெளி கொஞ்சம் கவலைக்குரியது. சாக் வளர்வதை நிறுத்தியிருக்கலாம். இன்றைய படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அதனால்தான் காத்திருக்கச் சொல்கிறோம். 2012-ல் அமெரிக்க ஸ்கேன் நிபுணர்கள் குழு ஒன்று கூடி, ஒரு நல்ல கர்ப்பத்தைக் கூடத் தவறுதலாகக் கலைத்துவிடக் கூடாது என்று எல்லைகளைக் கறாராக வைத்தது. யோக் சாக்கோடு சாக் தெரிந்த நாளிலிருந்து 11 நாளோ அதற்கு மேலோ ஆகியும் துடிப்புள்ள கரு தெரியவில்லை என்றால் அது வளராத கர்ப்பம். யோக் சாக்கே தெரியாத வெறும் சாக்காக இருந்தால் 14 நாள். உங்களுக்கு 11 என்று சொன்னது இதனால்தான். ஒரே ஸ்கேனில் முடிவு சொல்ல வேண்டுமானால் சாக் 25 மி.மீ. ஆகியும் உள்ளே கரு இருக்கக் கூடாது, அல்லது கரு 7 மி.மீ. நீளம் வந்தும் துடிப்பு இருக்கக் கூடாது. உங்கள் 10 மி.மீ. இந்த எல்லைக்குப் பக்கத்திலேயே வரவில்லை.

முன்பு கரு 5 மி.மீ. இருந்து துடிப்பு இல்லாவிட்டாலே முடிந்தது என்று எழுதிவிடுவார்கள். ஒரே கருவை இரண்டு பேர் அளந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வருவது சகஜம். 5, 6 மி.மீ. கருவில் இன்று காணாத துடிப்பு அடுத்த வாரம் தெரிந்ததும் உண்டு. அந்த அனுபவத்தில்தான் எல்லையை மேலே தள்ளினார்கள். யாராவது இந்த நிலையில் "துடிப்பு இல்லை, இன்றே மாத்திரை போட்டுவிடலாம்" என்றால், எந்த அளவை வைத்துச் சொல்கிறீர்கள் என்று நிதானமாகக் கேளுங்கள்.

உங்களைப் போலவே 46 நாளில், 10 மி.மீ. சாக்கும் யோக் சாக்குமாக வந்த ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். பீரியட்ஸ் தள்ளித் தள்ளி வருபவர். 11 நாள் கழித்து வந்தபோது, காலண்டர்படி 8 வாரம் 1 நாள், படத்தில் கரு 10 மி.மீ., வயது 7 வாரத்தைச் சற்றுத் தாண்டி, துடிப்பு நன்றாக மினுக்கியது. முதலில் இருந்த அதே ஒரு வார இடைவெளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காலண்டர்தான் தப்பு. இன்னொருவருக்கு முதல் ஸ்கேனில் சாக் 14 மி.மீ., 12 நாள் கழித்து 15. நன்றாக வளரும் சாக் நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் கூடும். இங்கே 12 நாளில் ஒன்று. யோக் சாக் 8 மி.மீ.க்கு வீங்கி இருந்தது, கரு இல்லை. அங்கே எனக்குச் சந்தேகம் எதுவும் மிச்சமில்லை. அவரிடமும் அதை நேராகவே சொன்னேன்.

இடையில் பீட்டா ஹெச்சிஜி எடுத்துக்கொண்டே இருக்காதீர்கள். சாக்குக்குள் யோக் சாக் தெரிந்த பிறகு அந்த எண் புதிதாக எதுவும் சொல்லாது, தூக்கத்தைத்தான் கெடுக்கும். மூன்றாம் நாளே வேறு இடத்தில் போய் ஸ்கேன் எடுப்பதும் அப்படித்தான். துடிப்பு வந்திருந்தால் நல்லது, வரவில்லை என்றால் அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. லேசான திட்டுத் திட்டான ரத்தம் மட்டும் பட்டால் டாக்டருக்குத் தகவல் சொன்னால் போதும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைகிற அளவு போனாலோ, அடிவயிற்றில் ஒரு பக்கம் பிடுங்குகிற வலி, தலைசுற்றி விழப் பார்ப்பது, தோள் நுனியில் காரணமில்லாத வலி என்று ஏதாவது வந்தாலோ தேதியைப் பார்க்காமல் உடனே போய்விடுங்கள். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

11-ம் நாள் போகும்போது பழைய ரிப்போர்ட்டை மட்டும் கொண்டு போகாமல், அளவு எடுத்த படங்களையும் எடுத்துப் போங்கள். முடிந்தால் அதே டாக்டரிடமே எடுங்கள். 10 எங்கே இருந்து எங்கே வரை அளந்தது என்று தெரிந்தால்தான் அன்று வருகிற எண்ணை அதோடு ஒப்பிட முடியும்.