டயலில் 1.53 போட்டும் நட் ஏறாதது ஏன்?

"கணபதியில் சின்ன பட்டறைங்க. லேத்தில் பம்ப் ஷாஃப்ட்டுக்கு எம்20, 2.5 பிட்ச் திரெட் போடுகிறேன். கிராஸ் ஸ்லைடு டயலில் 1.53 கொடுத்தும் நட் ஏறவே மாட்டேங்குது. ஒவ்வொரு பாஸிலும் டூலை எவ்வளவு இறக்குவது?"

டயலில் 3.07 வரை போங்க. 0.6134 × 2.5 = 1.53 என்பது ஒரு பக்க ஆழம். உங்கள் டயல் விட்டத்தில் காட்டும் வகையாக இருக்கும். அப்படியானால் இப்போது பாதி ஆழத்தில்தான் நிற்கிறீர்கள்.

திரெட்டின் மேல் தட்டையைப் பாருங்க. முழு ஆழத்தில் 0.3 மி.மீ. தான் இருக்கும், பாதியில் 1.2 இருக்கும், கண்ணுக்கே தெரியும். சந்தேகமென்றால் ஸ்லைடில் டயல் கேஜ் வைத்து 0.50 திருப்புங்க. 0.25 நகர்ந்தால் விட்ட டயல்.

பாஸைச் சமமாகப் பிரிக்காதீங்க. ஆழம் போகப்போக டூல் வெட்டும் அகலம் கூடும், கடைசியில் அதிர்ந்து பிய்க்கும். 16 பாஸ் என்று வைத்தால் முதல் பாஸ் 0.77. அப்புறம் மொத்தம் எவ்வளவு என்பதற்கு, அதைப் பாஸ் எண்ணின் வர்க்கமூலத்தால் பெருக்குங்க: 4-வதில் 1.53, 9-வதில் 2.30, 16-வதில் 3.07. எல்லாம் டயல் கணக்கு. ஷாஃப்ட் மெலிந்து நீண்டிருந்தால் 20 பாஸாக்குங்க.

ஒன்று மட்டும்: 0.6134 கணக்கு, டூல் முனையில் சுமார் 0.36 ஆரம் இருந்தால்தான் சரி. கிரைண்டிங்கில் ஊசிமுனையாகப் பிடித்திருந்தால் 3.07-லும் நட் இறுகும். அப்போது டயலை விடுங்க, 0.05 ஆக இறக்கி நட்டைப் போட்டுப் பாருங்க.