கப் இல்லாமல் கேக்குக்கு அளப்பது எப்படி?

"முட்டை இல்லாத கேக்குக்கு ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன். ஒன்றரை கப் மைதா, முக்கால் கப் சர்க்கரை, ஒரு கப் தயிர், அரை கப் எண்ணெய், ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரை தேக்கரண்டி சமையல் சோடா. என்னிடம் அளவுக் கப்பும் இல்லை, தராசும் இல்லை. டம்ளர், கரண்டி, கைப்பிடி கொண்டு அளக்கலாமா? கிராமில் இவை எவ்வளவு?"

டம்ளரும் கரண்டியும் போதும். கைப்பிடி அளவை மட்டும் இந்தக் கேக்குக்குப் பயன்படுத்தாதீர்கள்.

முதலில் உங்கள் டம்ளர் எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். குறிப்புகளில் வரும் கப் பெரும்பாலும் 240 மில்லி, சிலவற்றில் 250 மில்லி. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி, அதை டம்ளரில் ஊற்றி எண்ணுங்கள். நான்கு முறையில் பாட்டில் காலியானால் அதுவே உங்கள் கப். 240-க்கும் 250-க்கும் உள்ள வேறுபாடு இந்தக் கேக்கைப் பாதிக்காது. ஐந்து முறை வந்தால் டம்ளர் 200 மில்லி. அதையே கப்பாகக் கொள்ளலாம், ஆனால் சோடாவையும் பேக்கிங் பவுடரையும் ஆறில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். ரைஸ் குக்கருடன் வரும் கப்பை எடுக்காதீர்கள். அது ஏறக்குறைய 180 மில்லிதான் பிடிக்கும்.

அடுத்தது மைதா. கேக் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். டம்ளரைப் பாக்கெட்டுக்குள் விட்டு அள்ளினால் மாவு அமுங்கி 140, 150 கிராம் வரை ஏறிவிடும். மாவைக் கிளறித் தளர்த்தி, கரண்டியால் டம்ளரில் தூவி, மேலே குவிந்ததைக் கத்தியின் பின்புறத்தால் வழித்துவிட்டால் ஒரு கப் சுமார் 125 கிராம் வரும். ஒன்றரைக் கப்புக்கு இந்த வேறுபாடு 30 கிராமைக்கூடத் தாண்டலாம், அதாவது கால் கப் மாவு வரை கூடுதலாக விழுகிறது. அப்போது கேக்கின் மேல்பகுதி வெடிக்கும், உள்ளே உலர்ந்து உதிரும்.

தராசு இல்லாதவர்களுக்கு நான் விரும்பிச் சொல்லும் வழி ஒன்று உண்டு. புதிய அரைக் கிலோ மைதா பாக்கெட்டை முழுவதும் சுத்தமான தாளில் கொட்டி, நான்கு சமக் குவியல்களாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் 125 கிராம். ஒன்றரைக் குவியல் எடுத்தால் உங்கள் குறிப்புக்கு வேண்டிய மைதா ஏறக்குறைய 187 கிராம் கிடைத்துவிடும்.

சர்க்கரை அவ்வளவாக அமுங்காது, டம்ளர் அளவே சரியாக வரும். ஒரு கப் 200 கிராம் என்பதால் முக்கால் கப் 150 கிராம். பொடித்த சர்க்கரை என்றால் ஒரு கப் 120 கிராம் அளவே இருக்கும், ஆகவே ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கப் கணக்கில் மாற்றக் கூடாது. தயிர் ஒரு கப் ஏறக்குறைய 245 கிராம். எண்ணெய் அரைக் கப் 120 மில்லி, எடையில் 110 கிராம். ஒரே கப்பில் மைதா 125, சர்க்கரை 200, தயிர் 245 என்று வருவதால்தான் எல்லாப் பொருளுக்கும் பொதுவான ஒரு கிராம் கணக்கு கிடையாது.

கரண்டி விஷயத்தில் கவனம் தேவை. மேசைக்கரண்டி 15 மில்லி, தேக்கரண்டி 5 மில்லி, பதினாறு மேசைக்கரண்டி சேர்ந்தால் ஒரு கப். நாம் சாப்பிடும் எவர்சில்வர் கரண்டிகளில் பல 10 மில்லியைச் சுற்றியே பிடிக்கும். இருமல் மருந்துப் பாட்டிலின் மூடியில் 5, 10 என்று கோடு இருக்கும். சுத்தமாகக் கழுவிய மூடியில் உங்கள் கரண்டித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் அதன் அளவு தெரிந்துவிடும். சோடாவைத் தலை தட்டி ஒரு தேக்கரண்டி எடுத்து, கத்தியால் நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைச் சேருங்கள். குவியலாக அள்ளினால் இரு மடங்குகூட ஆகலாம், கேக்கில் சோப்பு வாடையும் கசப்பும் வரும்.

கலந்த பிறகு கரண்டியைத் தூக்கிப் பாருங்கள். மாவு பட்டையாக வழிந்து, விழுந்த தடம் சில நொடிகளில் மறைய வேண்டும். கட்டியாக விழுந்தால் ஒரு மேசைக்கரண்டி பால் சேர்த்து மீண்டும் பாருங்கள்.

கைப்பிடி வெண்பொங்கல், கிச்சடி போன்றவற்றுக்குச் சரியாக உதவும். அங்கே அரிசிக்கும் பருப்புக்கும் உள்ள விகிதமே முக்கியம், ஒரே கை அளந்தால் அது மாறாது. கிராமும் வேண்டுமானால் அரைக் கிலோ அரிசியை உங்கள் கையால் அள்ளி எண்ணுங்கள். பத்துப் பிடி வந்தால் ஒரு பிடி 50 கிராம். அது அரிசிக்கு மட்டுமான கணக்கு, ரவைக்கும் பருப்புக்கும் தனித்தனியாக எண்ண வேண்டும்.