வீடு தம்பிக்கு, நிலத்துல கையெழுத்து போட மட்டும் நானா?

கேள்வி: வணக்கம் சார், எனக்கு 42 வயசு, திருப்பூர்ல இருக்கேன், சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். சின்ன வயசுலேர்ந்து வீட்ல எல்லாமே தம்பிக்குத்தான். பிளஸ் டூல நான் 1058 மார்க், காலேஜ் வேணாம்னுட்டாங்க, தட்டுத்தடுமாறி பாஸ் பண்ண அவனுக்கு டொனேஷன் கட்டி இன்ஜினியரிங். அப்பா பஸ் கண்டக்டர், அவர் சம்பளத்துல கட்டுன வீட்டை 2016ல தம்பிக்கு செட்டில்மெண்ட் எழுதி ரிஜிஸ்டர் பண்ணிட்டார், அப்பவே எனக்குத் தெரியும், பேசாம இருந்துட்டேன். 2022ல அப்பா தவறிட்டார், உயில் எதுவும் இல்ல. தாத்தா வாங்குன நிலம் 1 ஏக்கர் 80 சென்ட் இன்னும் அப்பா பேர்லயே இருக்கு (தாத்தா 1981ல இறந்து, 1986ல அப்பா, சித்தப்பா, அத்தை பாகம் பிரிச்சதுல வந்தது). இப்ப தம்பி வெள்ளிக்கிழமை வந்து விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து போடுன்றான். அம்மா "உனக்குத்தான் 25 பவுன் போட்டோமே"ன்றாங்க. சார், எனக்கு நிலம்கூட வேணாம். கேஸ் போட்டு இவங்களை கோர்ட்ல நிக்க வச்சு ஏன் இப்படி பண்ணீங்கன்னு கேக்கணும். அந்த வீட்டையும் உடைக்க முடியுமா?

பதில்: சகோதரி, முதல்ல வெள்ளிக்கிழமை போகாதீங்க. சண்டை போட வேணாம், "டிராஃப்ட்டை அனுப்பு, படிச்சுட்டு சொல்றேன்"னு ஒரு வாட்ஸ்அப் போதும். விடுதலைப் பத்திரத்தை சும்மா ஒரு கையெழுத்துன்னு சொல்லித்தான் எல்லா ஊர்லயும் கூப்பிடுறாங்க, ஆனா ரிஜிஸ்டர் ஆன நிமிஷம் உங்க பங்கு அவங்க கைக்குப் போயிடும், பைசா வாங்காம விட்டுக்கொடுத்தாலும் செல்லும். அப்புறம் ஏமாத்தி வாங்கிட்டாங்கன்னு சொன்னா அதை நிரூபிக்க வேண்டியது நீங்க, அதுவும் தெரிஞ்ச நாள்லேர்ந்து 3 வருஷத்துக்குள்ள கேஸ் போட்டாகணும். படிச்சு, கையெழுத்து போட்டு, சார் பதிவாளர் முன்னாடி "ஆமா நான்தான் எழுதிக்கொடுத்தேன்"னு சொன்ன ஒருத்தர் அதை நிரூபிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு சொல்லத் தேவையில்ல.

இப்ப நிலத்துக்கு வர்றேன், ஏன்னா உங்க கையில உண்மையா இருக்கறது அதுதான். "பாட்டன் சொத்து பேரன் பேத்திக்கு"ன்னு நம்ம ஊர்ல ஒரு பேச்சு இருக்கு, என் ஆபீஸுக்கு வர்றவங்கள்ல பாதிப்பேர் அதை நம்பித்தான் வர்றாங்க, அது பாதிதான் சரி. தாத்தா தன் சொந்தக் காசுல வாங்குன நிலம், அவர் 1956க்கு அப்புறம் உயில் எழுதாம இறந்தா, இந்து வாரிசுரிமைச் சட்டம் 8வது பிரிவுப்படி அவர் பிள்ளைங்களுக்கு வரும், அப்படி வந்தது அவங்கவங்க தனிச் சொத்து, பேரன் பேத்திக்குப் பிறப்பால எந்த உரிமையும் கிடையாது (1986ல சந்தர் சென் வழக்குல சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லிடுச்சு). உங்க நிலம் இந்த வகைதான். அப்ப அது உங்க அப்பாவோட தனிச் சொத்து, அவர் உயில் இல்லாம போனதால அம்மா, நீங்க, தம்பி மூணு பேருக்கும் சமமா ஆளுக்கு மூணுல ஒரு பங்கு, அதாவது 60 சென்ட்.

இதுல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் செக் பண்ணணும். தாத்தா "வாங்குன" நிலம்னு எழுதியிருக்கீங்க, அது வீட்ல சொல்லிக் கேட்டதா இல்ல கிரயப் பத்திரத்தைக் கண்ணால பாத்ததா? ஏன்னா அந்த நிலம் தாத்தாவுக்கே அவர் அப்பாகிட்டேர்ந்து பரம்பரையா வந்து, கூட்டுக் குடும்பச் சொத்தாவே உங்க அப்பா வரைக்கும் வந்திருந்தா கணக்கு வேற. 2005 திருத்தத்துக்கு அப்புறம், 2020ல வினீதா சர்மா தீர்ப்பும் வந்தப்புறம், மகள்னா பிறந்ததுலேர்ந்தே மகனுக்குச் சமமான பங்குதாரர், கல்யாணம் ஆயிடுச்சா ஆகலையாங்கறது கேள்வியே இல்ல. அப்படின்னா அப்பா இறந்தப்ப அப்பா, நீங்க, தம்பி மூணு பேருக்கும் ஆளுக்கு 60 சென்ட்னு வச்சு, அப்பாவோட 60ஐ மறுபடி அம்மா, நீங்க, தம்பின்னு மூணா பிரிக்கணும், உங்களுக்கு 60ம் 20ம் சேர்த்து 80 சென்ட், தம்பிக்கும் 80, அம்மாவுக்கு 20 மட்டும். பாருங்க, ஒரு பழைய பத்திரத்துல இருக்கற ரெண்டு வரி உங்களுக்கு 20 சென்ட்டைக் கூட்டுது, அம்மாவுக்கு 40 சென்ட்டைக் குறைக்குது. அதனால 1986 பாகப்பிரிவினைப் பத்திரத்தோட நகலும் அதுக்கு முந்தின மூலப்பத்திரமும் எடுத்துப் பாருங்க, பாகப்பிரிவினைப் பத்திரத்துல சொத்து எப்படி வந்ததுன்னு பெரும்பாலும் முதல் பக்கத்துலயே எழுதியிருப்பாங்க. வில்லங்கச் சான்று tnreginet.gov.in லயே பாக்கலாம், அப்பா பேர்லேர்ந்து யாருக்காவது ஏதாவது மாறியிருக்கான்னு அதுல தெரிஞ்சுடும். பட்டா தம்பி பேருக்கு மாறியிருந்தாலும் பதற வேணாம், பட்டா மாறுனதால மட்டும் உங்க பங்கு போயிடாது, ஆனா தாசில்தார் கொடுத்த வாரிசு சான்றிதழ்ல உங்க பேர் இருக்கான்னு மட்டும் இன்னைக்கே பாருங்க. பொண்ணு பேரை விட்டுட்டு சான்றிதழ் வாங்குறது நடக்காத விஷயம் இல்ல.

அந்த 25 பவுன்: கல்யாணத்துக்கு நகை போட்டதால பொண்ணோட வாரிசுப் பங்கு தீர்ந்துடுச்சுன்னு சட்டத்துல எங்கயும் இல்ல. தம்பிக்குக் கட்டுன டொனேஷனை அவன் பங்குல யாராவது கழிச்சாங்களா? கோர்ட்டும் கழிக்காது, ரெண்டு பக்கமும் அதே நியாயம்தான்.

வீட்டைப் பத்தி நான் சொல்றது உங்களுக்குப் பிடிக்காது. அப்பா தன் சம்பளத்துல கட்டுன வீட்டை யாருக்கு வேணா கொடுக்கலாம், ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்தது அநியாயம்ங்கறது அந்தப் பத்திரத்தை ரத்து பண்ணக் காரணம் ஆகாது. ரெண்டு சாட்சியோட ரிஜிஸ்டர் ஆகி அவர் உயிரோட இருக்கும்போதே தம்பி ஏத்துக்கிட்டார்னா முடிஞ்சுது. மிரட்டி வாங்குனது, சுயநினைவு இல்லாதப்ப வாங்குனதுன்னு ஏதாவது இருந்தாத்தான் பேச முடியும், அதுக்கும் உங்களுக்கு 2016லயே தெரியும்னு நீங்களே எழுதியிருக்கீங்க, 3 வருஷம் எப்பவோ போச்சு. பெத்தவங்களைக் கவனிக்கலைன்னா எழுதிக்கொடுத்ததை ரத்து பண்ண 2007 முதியோர் சட்டத்துல 23வது பிரிவு இருக்குன்னு யாராவது சொல்லுவாங்க, அது எழுதிக்கொடுத்த அப்பாவுக்கு இருந்த வழி, கூடப்பிறந்தவங்களுக்கு இல்ல. ஒரே ஒரு கேள்வி மட்டும் மிச்சம்: வீடு அப்பா கட்டுனது சரி, மனை யார் பேர்ல இருந்துச்சு? அம்மா பேர்ல வாங்குன மனையா இருந்தா அப்பா எழுதுன செட்டில்மெண்ட் அந்த மனைக்குச் செல்லாது, ஏன்னா அவருக்கு இல்லாததை அவர் கொடுக்க முடியாது. செட்டில்மெண்ட் நகல் எடுக்கும்போது இதையும் பாருங்க, அப்படியே அம்மா கடைசிவரைக்கும் அங்க குடியிருக்கலாம்னு ஷரத்து இருக்கான்னும் பாருங்க, இல்லன்னா அவங்க இப்ப இருக்கறது தம்பியோட தயவுல.

இனி நீங்க நிஜமா கேட்ட கேள்வி. பாகப்பிரிவினை வழக்குல ஜட்ஜ் என்னென்ன முடிவு பண்ணணும்னு எழுவினாக்கள் வகுப்பாங்க, அது சொத்து யாருது, வாதிக்கு எத்தனை பங்கு, இந்த ரெண்டைச் சுத்தித்தான் இருக்கும். "1058 மார்க் எடுத்தவளை ஏன் காலேஜ் அனுப்பல"ன்னு உங்க வக்கீல் அம்மாவைக் கூண்டுல வச்சுக் கேட்டா எதிர்த்தரப்பு எழுந்து வழக்குக்குச் சம்பந்தமில்லைன்னு சொல்லும், ஜட்ஜும் ஆமான்னுடுவார். அப்படியே கேக்க விட்டாலும் உங்க அம்மா என்ன சொல்லுவாங்கன்னு உங்களுக்கே தெரியும், "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் ஐயா"ம்பாங்க. பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு கிளையண்ட், அக்கா, தம்பி மேல கேஸ். முதல்நிலைத் தீர்ப்பு, அப்பீல், கமிஷனர் வந்து அளந்து, இறுதித் தீர்ப்புன்னு ஒன்பது வருஷம். ஜெயிச்சுட்டோம்னு போன்ல சொன்னேன், அவங்க எத்தனை சென்ட்னு கேக்கல, "எங்கம்மா வந்திருந்தாங்களா சார், என்ன சொன்னாங்க"ன்னு கேட்டாங்க. அம்மா வரல. அந்த கேஸை நான் தப்பா நடத்தலை, ஆனா முதல் நாளே அவங்களுக்கு இதைச் சொல்லியிருக்கணும், அதான் உங்களுக்கு இப்பவே சொல்றேன். கேஸ் போடுங்க, வேணாம்னு சொல்லல, ஆனா 60 சென்ட்டுக்காகப் போடுங்க. அதைத் தாண்டி அங்க எதுவும் கிடைக்காது.

இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு, கோபப்படாம படிங்க. அம்மாவோட 60 சென்ட் அவங்களோடது. அதையும் தம்பிக்கே எழுதி வைக்கலாம், அனேகமா வைப்பாங்க, உங்களால தடுக்க முடியாது. அப்ப தம்பிக்கு 120, உங்களுக்கு 60. இதை இப்பவே கணக்குல வச்சுக்கங்க, நாளைக்கு ஒரு வில்லங்கச் சான்றுல பாத்து மறுபடி முதல்லேர்ந்து நொந்து போறதுக்கு இது எவ்வளவோ மேல். ரெண்டாவது, அம்மா பராமரிப்பு. சொத்தெல்லாம் தம்பிக்குப் போனாலும் பெத்தவங்களைப் பாத்துக்கற கடமை சட்டப்படி மகளுக்கும் உண்டு, கல்யாணம் ஆன மகளுக்கும்தான், 1987லயே சுப்ரீம் கோர்ட் சொன்னது. தம்பி கைவிட்டு அம்மா கோட்டாட்சியர்கிட்ட மனு கொடுத்தா உங்க மேலயும் கொடுக்கலாம், ஆனா உங்களை மட்டும் கூப்பிட்டா தம்பியையும் அதுல சேர்க்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு, வீடு வாங்குனவர் யாருன்னு அந்த செட்டில்மெண்ட் நகலை வச்சே அங்க காட்டலாம்.

இனி எப்படிப் போறதுன்னா, நகல்கள் கைக்கு வந்ததும் தம்பிக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ், பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டுக்கலாமான்னு கேட்டு. அவர் மொத்த நிலமும் வேணும்னா உங்க 60 சென்ட்டுக்கு மார்க்கெட் விலையைப் பேங்க் மூலமா கொடுக்கட்டும், தொகையை எழுதி விடுதலைப் பத்திரம் போடுங்க, அது நியாயமான வியாபாரம். நெஜமாவே நிலம் வேணாம், சும்மாவே விட்டுடுறேன்னு தோணுனாலும் விடலாம், ஆனா எதை விடுறோம்னு தெரிஞ்சு, இஷ்டப்பட்ட தேதியில, இஷ்டப்பட்ட ஆளுக்கு விடுங்க, அம்மா போன்ல அழுத அன்னைக்கு வேணாம். பேசி முடியலன்னா பாகப்பிரிவினை வழக்கு. வக்கீல் ஃபீஸ் கட்ட முடியலன்னா மாவட்ட கோர்ட் வளாகத்துல சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவசமா வக்கீல் கொடுப்பாங்க, 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம், சமரசப் பேச்சுக்கும் அவங்களே ஏற்பாடு பண்ணுவாங்க. அந்த சமரச மேஜையில ஜட்ஜ் முன்னாடி பேச முடியாததைக் கொஞ்சம் பேச முடியும், அந்த 1058ஐ அங்க சொல்லுங்க.