வாட்ச் கண்ணாடிக்குள் பனி: மறைந்துவிட்டால் சரியாகிவிட்டதா?

கேள்வி: பேட்டரி மாற்றி இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் மழையில் நனைந்த பிறகு, தினமும் காலையில் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி பிடிக்கிறது, மதியத்துக்குள் மறைந்துவிடுகிறது. வாட்ச் சரியாகத்தான் ஓடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

விடக் கூடாது. பனி மறைகிறது என்றால் தண்ணீர் வெளியேறிவிட்டது என்று அர்த்தமில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வாட்சுக்குள் எந்தப் பகுதி அதிகம் குளிர்ந்திருக்கிறதோ அங்கேதான் ஈரம் படியும். பெரும்பாலும் அது கண்ணாடிதான், அதனால் கண்ணுக்குத் தெரிகிறது. பகலில் வாட்ச் சூடானதும் அதே ஈரம் ஆவியாகி உள்ளே மெஷின் பக்கம் சுற்றுகிறது. ஹேர் டிரையரைக் காட்டினாலும் வெயிலில் வைத்தாலும் இதுதான் நடக்கும். கூடவே பின்மூடியில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமும் கெடும். அரிசிக்குள் புதைக்கும் வைத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை: மூடிய வாட்சுக்குள் இருக்கும் ஈரத்தை வெளியே கிடக்கும் அரிசி எப்படி உறிஞ்சும்?

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாப் பனியும் கசிவு இல்லை. ஈரப்பதம் அதிகமான நாளில் பின்மூடியை மூடியிருந்தால், வாட்சுக்குள்ளும் அந்த நாளின் காற்றுதான் இருக்கும். வெயிலிலிருந்து நேராக ஏசி அறைக்குள் போனாலோ, குளிர்ந்த தண்ணீர் பட்டாலோ கண்ணாடி சட்டென்று குளிர்ந்து, மெல்லிய படலம் தோன்றி ஓரிரு நிமிடத்தில் போய்விடும். வாட்சுக்குள் இருக்கும் காற்று சில மில்லி லிட்டர்தான். 30 டிகிரி வெப்பத்தில் அந்தக் காற்று முழுக்க ஈரமாக இருந்தாலும், அதில் உள்ள நீர் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு அளவே வரும். அதனால் எப்போதாவது வந்து உடனே போகும் படலத்துக்குப் பயப்பட வேண்டாம். பனி மணிக்கணக்கில் நின்றாலோ, துளியாகத் திரண்டாலோ, தினமும் திரும்ப வந்தாலோ அது வெறும் காற்று ஈரம் இல்லை, தண்ணீர் புகுந்திருக்கிறது. உங்களுடையது இந்த வகை.

இன்னும் சந்தேகம் இருந்தால் வாட்சை அரை மணி நேரம் கையில் கட்டியிருங்கள். கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்தச் சொட்டு இருந்த இடத்துக்கு நேர் கீழே உள்ளே பனி தெரிந்தால் ஈரம் உறுதி. பட்டறையில் வாட்சை 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்கி இதே சோதனையைச் செய்வார்கள்.

எங்கே புகுந்திருக்கும்? மழையைத் திட்டுவதற்கு முன் பேட்டரி மாற்றிய நாளை நினைத்துப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் பின்மூடியைத் திறந்து, பேட்டரியைப் போட்டு, அழுத்தி மூடித் தரும் வேலையில் அந்த ரப்பர் வளையத்தை யாரும் கவனிப்பதில்லை. சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு வாட்சும் இதே கதைதான். பின்மூடியைத் திறந்தால், வளையம் ஓர் இடத்தில் பள்ளத்தை விட்டு வெளியே வந்து விளிம்பில் நசுங்கிக் கிடந்தது. மழைக்குப் பிறகு 9 நாள்தான் ஆகியிருந்தது. நேரம் திருத்தும் சாவித் திருகோடு உள்ளே போகும் எஃகுத் தண்டில் செம்பழுப்புத் துரு, பேட்டரி தொடும் தகட்டில் பச்சைக் களிம்பு. வாட்ச் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது! தண்டை மாற்றி, மெஷினைப் பிரித்துக் கழுவி எண்ணெயிட்டு, புது வளையம் போட்டதோடு பிழைத்தது.

அதனால் இன்றைக்குச் செய்ய வேண்டியது: சாவித் திருகு முழுசாக உள்ளே அழுந்தியிருக்கிறதா பாருங்கள், மரை உள்ளதென்றால் இறுக்குங்கள். இனி தண்ணீர் படவிடாதீர்கள். இரண்டு மூன்று நாளுக்குள், உங்கள் கண்ணெதிரே திறந்து காட்டும் ஒரு வாட்ச் மெக்கானிக்கிடம் கொடுங்கள். பேட்டரியை உடனே வெளியே எடுக்கச் சொல்லுங்கள்: ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் அரிப்பு வேகமெடுக்கும். கடல் நீர் புகுந்த வாட்ச் என்றால் நாள் கணக்கே கிடையாது, அன்றைக்கே திறக்க வேண்டும்.

திறக்காமலே "காய வைத்தாச்சு" என்று திருப்பித் தருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள். திறந்ததும் "மெஷின் போச்சு, மொத்தமா மாத்தணும்" என்றால், துரு எங்கே என்று லென்ஸில் காட்டச் சொல்லுங்கள். வாங்கி வைத்து வேறெங்கோ அனுப்பும் கவுன்ட்டர்கள் இன்னொரு தொல்லை. படிவம், மதிப்பீடு, ஒப்புதல் என்று மூன்று வாரம் ஓடும், துரு அந்த ஒப்புதலுக்காகக் காத்திருக்காது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால், இன்றே திறந்து பேட்டரியை எடுத்துக் காய வைக்க வேண்டும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

பின்மூடியில் "30 மீட்டர்" என்று போட்டிருக்கிறதே என்று கேட்பீர்கள். அது புது வாட்சை அசையாமல் வைத்து 3 பார் அழுத்தத்தில் சோதித்த கணக்கு. ஆழத்தைக் குறிப்பதுபோல் அதை ஏன் மீட்டரில் எழுதுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை எரிச்சல்தான். வளையம் பழசானாலோ ஒருமுறை தவறாக மூடினாலோ அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. சரிசெய்து வாங்கும்போது அழுத்தச் சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள். அந்தக் கருவி இல்லாத கடை என்றால், வாட்சை மழையில் வெளியே கொண்டுபோகாதீர்கள்.