பாலியில் டாலர் மாற்றும்போது: கேள்வி பதில்

கே: அக்கா, குட்டாவில் ஒரு சந்துக் கடையில் 200 டாலர் மாற்றினேன். நானே ஒவ்வொரு நோட்டாக எண்ணினேன். ஆனாலும் ஹோட்டலுக்கு வந்து பார்த்தால் 5 லட்சம் ருபியா குறைகிறது. எண்ணியும் எப்படிக் குறையும்?

நீங்கள் எண்ணியதில் தப்பில்லை. எண்ணி முடித்த பிறகுதான் பணம் போயிருக்கிறது. நான் பல வருடமாகச் சிறு குழுக்களைப் பாலிக்கு அழைத்துப் போகிறேன். முதல் பயணத்தில் எனக்கும் இதேதான் நடந்தது.

நடப்பது இப்படி. போர்டில் ஒரு டாலருக்கு 16,600 என்று இருக்கிறது, 200 டாலருக்கு 33 லட்சத்து 20 ஆயிரம் வரவேண்டும். கடைக்காரர் பெரும்பாலும் 20,000 ருபியா நோட்டாகத்தான் எடுப்பார். அப்படியானால் 166 நோட்டு. 50 நோட்டுக்கு ஒரு கட்டு, பத்து லட்சம் என்று மேஜைமேல் மூன்று கட்டும் மிச்சமும் வைப்பார். நீங்கள் எண்ணும்போது ஒரு நோட்டு குறையும். வேண்டுமென்றே குறைத்து வைத்தது அது. நீங்கள் சொன்னதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மொத்தத்தையும் திரும்ப வாங்குவார், உங்கள் கண்ணெதிரே ஒரு நோட்டைச் சேர்ப்பார், கட்டுகளை மேஜையில் தட்டி ஒன்றாக அடுக்குவார். அந்த அடுக்கும் நேரத்தில் அடியிலிருந்து இருபது, இருபத்தைந்து நோட்டு மேஜைக்குப் பின்னால் விழுந்துவிடும். 25 நோட்டு என்றால் உங்கள் 5 லட்சம். அதே நேரம் பக்கத்தில் நிற்பவர் "எந்த ஊர், எந்த ஹோட்டல்?" என்று பேச்சுக் கொடுப்பார்.

குறையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற நிம்மதியில் நாம் மறுபடி எண்ணுவதில்லை. அதனால் ஒரே ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைக் கடைசியாகத் தொடும் கை உங்களுடையதாக இருக்கட்டும். நோட்டு குறைந்தால் கட்டைத் திருப்பிக் கொடுக்காமல், குறைந்ததை மட்டும் மேஜையில் வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் ஒரு தடவை கட்டைத் தொட்டுவிட்டால், முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான். முழுதும் எண்ணி முடிக்கும்வரை உங்கள் டாலர் உங்கள் கையிலேயே இருக்கட்டும். அதற்குச் சம்மதிக்காத கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கே: பக்கத்துக் கடையில் 16,250, இங்கே 16,600. கூடத் தருபவரிடம் மாற்றுவதில் என்ன தப்பு சார்? உஷாராக இருந்தால் போச்சு.

(நான் சார் இல்லை, அக்கா. பரவாயில்லை.) 200 டாலருக்கு அந்த வித்தியாசம் 70,000 ருபியா, நம் பணத்தில் நானூறு ரூபாய்க்கும் கீழே. மற்ற எல்லாக் கடையையும்விட ஒரு கடைக்காரர் கூடத் தருகிறார் என்றால், அதை எங்கோ திரும்ப எடுத்தால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். உள்ளே போன பிறகு கமிஷன் என்பார், அல்லது அந்த ரேட் புது நூறு டாலர் நோட்டுக்கு மட்டும் என்பார், இல்லையென்றால் மேலே சொன்ன கைவேலை. அவர் நீட்டும் கால்குலேட்டரையும் நம்பாதீர்கள், போனில் நீங்களே பெருக்கிப் பாருங்கள். உஷாராக இருந்து சமாளித்தவர்கள் உண்டு. ஆனால் நாள் முழுக்க இதையே செய்பவரின் கையை, பயணக் களைப்போடு நிற்கும் நம் கண் தோற்கடிக்கும் என்று எண்ணி நான் யாரையும் அனுப்ப மாட்டேன்.

கே: ‘ஆத்தரைஸ்டு’ என்று போர்டு இருந்தால் நம்பலாம்தானே?

பாதி சரி. உரிமம் உள்ள கடைகள் அப்படித்தான் எழுதுவார்கள், ஆனால் அந்த எழுத்தை யார் வேண்டுமானாலும் எழுதி மாட்டலாம். இந்தோனேசியாவில் இந்தத் தொழிலுக்கு உரிமம் தருவது அந்த நாட்டு மத்திய வங்கியான பேங்க் இந்தோனேசியா. உரிமம் உள்ள கடையில் PT என்று தொடங்கும் கம்பெனிப் பெயரும், பேங்க் இந்தோனேசியா கொடுத்த உரிமப் பலகையும் இருக்கும். அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது கடையின் அமைப்புதான். கண்ணாடித் தடுப்பு, நோட்டு எண்ணும் இயந்திரம், கேட்காமலே கொடுக்கும் ரசீது. துணிக்கடையின் பின்மூலையில், பொம்மையும் பூவும் அடுக்கிய உயரமான மேஜை போட்டிருந்தால் அங்கே வேண்டாம். அந்த மேஜைக்குப் பின்னால் என்ன விழுகிறது என்று நமக்குத் தெரியாது.

கே: கள்ளநோட்டைக் கண்டுபிடிக்கும் பேனா ஒன்று வாங்கிவிட்டேன். இனி பயமில்லைதானே?

அந்தப் பேனா காகிதத்தில் மாவுச்சத்து இருக்கிறதா என்று மட்டும்தான் காட்டும். சாதாரணக் காகிதத்தில் அச்சடித்ததைப் பிடிக்கும், மாவுச்சத்து இல்லாத காகிதத்தைக் கோட்டைவிடும். விரலும் வெளிச்சமும் போதும். நல்ல ருபியா நோட்டில் மை தடித்துச் சொரசொரப்பாக இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் காகிதத்துக்குள் மறைந்திருக்கும் நீர்க்குறிப் படம் தெரியும். முன்பக்கமும் பின்பக்கமும் துண்டு துண்டாக அச்சான கோடுகள் சேர்ந்து BI என்ற எழுத்தாகும்.

ஆனால் தெருக் கடையில் கள்ளநோட்டைவிட நான் அதிகம் கவலைப்படுவது செல்லாத நோட்டைப் பற்றி. கி ஹஜர் தேவந்தாரா படம் போட்ட பழைய 20,000 நோட்டு நிஜமான நோட்டுதான், ஆனால் 2008 கடைசியில் அதைத் திரும்பப் பெற்றார்கள். வங்கியில் கொடுத்து மாற்றும் கெடுவும் 2018-ல் முடிந்தது. இப்போது பெரும்பாலும் புழக்கத்தில் இருப்பது சாம் ரதுலாங்கி படம் போட்ட பச்சை நோட்டு. கட்டின் நடுவில் வேறு முகம் தெரிந்தால் தனியே எடுத்து வைத்துக் கேளுங்கள். அப்புறம் நோட்டில் எத்தனை பூஜ்யம் என்றும் பாருங்கள். 1,00,000 சிவப்பு, 10,000 ஊதா. மங்கலான விளக்கில் அவசரமாக எண்ணினால் ஒன்று மற்றொன்றாகத் தெரியும்.

கே: எதற்கு இவ்வளவு சிரமம்? போன வருடம் நான் இந்திய ரூபாயையே கொண்டுபோய் மாற்றினேன், ஒரு பிரச்சினையும் இல்லை.

பிரச்சினை இல்லாமல் போனதில் சந்தோஷம் அண்ணா. ஆனால் நம் ரூபாய்க்கு அங்கே கிடைக்கும் ரேட் மோசம், வாங்கும் கடையும் குறைவு. அந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். தவிர, 25,000 ரூபாய்க்கு மேல் வெளியே எடுத்துப் போக அனுமதியும் இல்லை. ஊரிலேயே உரிமம் உள்ள இடத்தில், மடிப்போ கிழிசலோ இல்லாத புது வரிசை நூறு டாலர் நோட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். பழைய நோட்டுக்கும் சின்ன நோட்டுக்கும் அங்கே ரேட்டைக் குறைப்பார்கள்.

கே: ஏடிஎம்மில் எடுத்தால்?

என் குழுவில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். தெருவோரம் தனியாக நிற்கும் பெட்டியை விட்டுவிட்டு, வங்கிக் கிளைக்குள் இருப்பதில் எடுங்கள். இயந்திரத்தில் 50,000 அல்லது 1,00,000 என்று ஒட்டியிருக்கும், 1,00,000 இருப்பதில் ஒரே தடவையில் கூடுதலாக எடுக்க முடியும். நம் வங்கி ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் பிடிப்பதால் இது முக்கியம். இந்திய ரூபாயில் கணக்குக் காட்டிச் சம்மதமா என்று திரை கேட்டால், Decline Conversion என்பதை அழுத்துங்கள். சம்மதித்தால் அந்த இயந்திரம் சொல்லும் மோசமான ரேட்டில் பிடிக்கும். இன்னொன்று, அங்கே பல இயந்திரங்களில் பணம் முதலில் வரும், கார்டு பிறகுதான் வரும். பணத்தை எடுத்தவுடன் நடந்துவிடாதீர்கள்.

கே: முதலில் கேட்டவள்தான் அக்கா. போன 5 லட்சத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் குழுவில் ஒருவர் உடனே திரும்பிப் போய், குரலை உயர்த்தாமல், போலீசிடம் போகிறேன் என்றதும் மிச்சத்தைக் கொடுத்துவிட்டார்கள். இன்னொருவர் மறுநாள் போனார், மேஜையில் வேறு ஆள் இருந்தார், எதுவும் தெரியாது என்றுவிட்டார். உங்களிடம் ரசீது இருக்கிறதா? இருந்தால் இன்றே, பகலில், துணைக்கு ஒருவரோடு போங்கள். தனியாக அந்தச் சந்துக்குள் போகாதீர்கள்.